அன்று ஓடிய பேருந்துக்கு நன்றி

கடத்தூரில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும் சாலையில் நான் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். இப்போது தட்டச்சு இயந்திரம் கிடையாது. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். பெயர்ப் பலகையில் மட்டும் இன்னும் தட்டச்சு என்றே இருக்கிறது. அதை மாற்றி எழுத வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். பொங்கல் போய்விடும்.

மனு எழுதித் தருவதுதான் என் பிழைப்பில் பாதி. உள்ளே என்ன எழுத வேண்டும் என்பது வருகிறவர்களுக்கே தெரியும். குழாயில் தண்ணீர் வரவில்லை, பட்டாவில் பெயர் தப்பாக இருக்கிறது, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போகலாம். கடைசி வரிக்கு வரும்போதுதான் எல்லோரும் நின்றுவிடுவார்கள். "எப்படி முடிக்கிறதுங்க?" என்பார்கள். சிலர் அதுவரை பட்ட கோபத்தையெல்லாம் கடைசி வரியில் கொட்டச் சொல்வார்கள். சிலர் காலில் விழுகிற மாதிரி எழுதச் சொல்வார்கள். ஒருவர் தன் கடையில் வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்தார். கீழே "என்றும் அன்புடன்" என்று போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். கடிதம் என்றால் அப்படித்தானே முடிக்க வேண்டும் என்றார்.

இருபது வயதில் டைப்ரைட்டிங் வகுப்பில் எங்களுக்கு அலுவலகக் கடிதங்களை மாதிரியாகக் கொடுத்துப் பழக்கினார்கள். வேகத்துக்காகத்தான் கொடுத்தார்கள். ஆனால் திரும்பத் திரும்ப அடித்ததில் அந்த முடிவுகள் விரலிலேயே தங்கிவிட்டன. கேட்கும் கடிதம் "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும். மேலிடத்திலிருந்து கீழே வரும் எச்சரிக்கை "என இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது" என்று முடியும். அதில் பணிவும் இருக்காது, திட்டும் இருக்காது. நன்றிக் கடிதம் என்றால் செய்த காரியத்தைச் சொல்லி, நன்றியைச் சொல்லி, அதோடு நின்றுவிடும். இது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் மனுவை வாங்குகிற அலுவலர் முதலில் பொருள் என்ற வரியைப் பார்ப்பார், அடுத்து கடைசிப் பத்தியைப் பார்ப்பார். நடுவில் உள்ளதைப் படிக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை. எந்தக் கோப்புக் கட்டில் போடுவது என்பதை அந்தக் கடைசிப் பத்திதான் சொல்லும்.

இதை எழுதக் காரணம் ஒரு பேருந்து.

கடத்தூருக்கும் மொரப்பூருக்கும் இடையே சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். வெற்றிலைத் தோட்டத்தில் கொடிக்கால் வேலை செய்பவர். விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. கையில் ஒரு மனு வைத்திருந்தார், ஊரில் யாரோ எழுதிக் கொடுத்தது. காலையில் அவர்கள் ஊருக்கு வந்துபோகும் டவுன் பஸ்ஸைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண்பிள்ளைகள், மொரப்பூரில் ரயில் பிடித்து சேலத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், வெற்றிலைக் கட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்கு வரும் பெண்கள், எல்லோருக்கும் அந்த ஒரு பஸ்தான். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மெயின் ரோடு வரைக்கும் மாந்தோப்புகளுக்கு நடுவே தனியாக நடந்து வர வேண்டியிருந்தது.

மனுவைப் படித்தேன். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: "ஆகையால் ஐயா அவர்கள் எங்கள் மீது இரக்கம் கொண்டு பேருந்து விடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். தவறினால் கடும் விளைவுகளைச் சந்திக்க நேரிடும். நன்றி. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள ஊர்ப் பொதுமக்கள்."

இதைக் கொடுத்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டேன். ஒரு மாதம் ஆகிறதாம். ஒரு பதிலும் இல்லையாம்.

கெஞ்சுவது, மிரட்டுவது, நன்றி சொல்வது மூன்றும் ஒரே மூச்சில் வந்தால் படிக்கிறவர் எதையுமே நம்பமாட்டார் என்று சொன்னேன். இப்போதைக்குக் கேட்பது மட்டும் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார். பஸ் நின்ற தேதி, எந்த வழித்தடம், யார் யார் அதில் போனார்கள் என்று சுருக்கமாக அடித்துவிட்டு, "மேற்படி பேருந்தை முன்பு இயங்கிய நேரத்திலேயே மீண்டும் இயக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்தேன். இரக்கத்தை எடுத்துவிட்டேன். கீழ்ப்படிந்துள்ள என்பதையும் எடுத்துவிட்டேன். கீழே "இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்" என்று போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டேன்.

டிப்போவில் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கி வந்து காட்டினார். அதற்கும் பதில் வரவில்லை.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு வந்தது. ஒருநாள் காலை மழையில் அவர் மகள் நனைந்துகொண்டே நடந்து வந்து, தாமதமாகிப் பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்றிருக்கிறாள். பிறகு உள்ளே விட்டுவிட்டார்கள். ஆனால் அன்று மதியமே அந்த அம்மா என் கடைக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மறியல் பண்றோம்னு எழுதுங்கக்கா," என்றார். "ஊர்ல எல்லாரும் சரின்னுட்டாங்க."

நிஜமாகவே உட்காருவீர்களா என்று கேட்டேன். எழுதிவிட்டு உட்காராமல் போனால் அடுத்த தடவை எழுதுகிற எதற்கும் மதிப்பு இருக்காது என்றேன். உட்காருவோம் என்றார். எச்சரிக்கை என்றால் என்ன செய்வோம், எங்கே, எந்த நாளில், அதற்குள் அவர்கள் என்ன செய்தால் நாம் செய்யமாட்டோம், இவ்வளவும் இருக்க வேண்டும். கடும் விளைவு என்று மொட்டையாகப் போட்டால் அது வெறும் கோபம். அப்படியே எழுதினேன். "வரும் திங்கட்கிழமைக்குள் பேருந்து இயக்கப்படாவிட்டால், செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஊர்க் கைகாட்டிப் பலகை அருகே சாலை மறியலில் ஈடுபடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." அதோடு நிறுத்தினேன். நன்றி போடவில்லை. வழக்கத்தில் விரல் தானாகவே நன்றி என்று அடித்துவிட்டது, அதை அழித்தேன். அதற்குக் கீழே நகல் யார் யாருக்கு என்று போட்டேன்: வட்டாட்சியர், காவல் ஆய்வாளர். இந்த மாதிரிக் கடிதத்தில் உண்மையில் வேலை செய்வது அந்த நகல் வரிதான். டிப்போ படிக்காவிட்டாலும் போலீஸ் ஸ்டேஷனில் படித்துவிடுவார்கள்.

படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே ஸ்டேஷனிலிருந்து ஒரு காவலர் ஊருக்குப் போய் யார் முன்னால் நிற்கிறது என்று விசாரித்திருக்கிறார். அந்த அம்மா பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். வழக்குப் போடுவார்களா என்று கேட்டார். எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். எழுதியது நான், கையெழுத்து அவர்களுடையது.

திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து சில பேர் போனார்கள். டிப்போவிலிருந்து கிளை மேலாளர் வந்திருந்தார். ஆள் பற்றாக்குறை, வண்டி பற்றாக்குறை என்று அவர் சொல்ல, வட்டாட்சியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எப்போதிலிருந்து விடுவீர்கள் என்று மட்டும் கேட்டாராம். புதன்கிழமையிலிருந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மறியலைக் கைவிடுகிறோம் என்று இவர்களும் போட்டார்கள்.

புதன்கிழமை பஸ் வந்தது. பெண்கள் டிரைவருக்கு மாலை போட்டார்கள் என்று அந்த அம்மா சொன்னார். அதைச் சொல்லும்போது சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். டிப்போவிலிருந்து ஒரு கண்காணிப்பாளர் பஸ்ஸிலேயே ஊருக்கு வந்து, நல்லது செய்தால் ஒரு நன்றிக் கடிதம் கொடுக்க மாட்டீர்களா, மேலே அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம்தான் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் கடையில் நன்றிக் கடிதம் அடிப்பது அபூர்வம். நான் சந்தோஷமாகவே உட்கார்ந்தேன்.

பஸ் வந்த தேதியைப் போட்டு, மாணவிகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதனால் என்ன பயன் என்று எழுதினேன். முடிவில் தொடர்ந்து இயக்குமாறு கேட்டுக்கொள்கிறோம் என்றும் ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வேணாங்க. நன்றி சொல்ற வாயால மறுபடியும் கேட்டா நல்லாருக்காதுங்க. நன்றின்னா நன்றியா இருக்கட்டும்."

அதுதான் சரியான முறையும்கூட. நன்றிக்குள் கோரிக்கையைச் செருகினால் நன்றி வெறும் முன்னுரையாகிவிடும். நான் ஒத்துக்கொண்டேன். கண்காணிப்பாளர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்த வரியை மட்டும் கடைசியில் சேர்க்கச் சொன்னார் அந்த அம்மா. "எங்கள் கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டமைக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்." நல்ல வரி. எனக்கே பிடித்திருந்தது. சேர்த்தேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பஸ் நின்றுவிட்டது.

முதல் இரண்டு நாள் வண்டி ரிப்பேர் என்றார்கள். அப்புறம் டிரைவர் லீவு என்றார்கள். அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா டிப்போவுக்குப் போனார், மேலாளர் இல்லை. மறுபடி போனார், இருந்தார், பார்க்கிறோம் என்றார். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் வந்து இன்னொரு மனு எழுதி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை தர்மபுரிக்குப் போய் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தார். காலை நேரக் கூலி போயிற்று. மனு எண் போனுக்கு வந்தது. இந்தத் தடவை நிச்சயம் பதில் வரும் என்று நான்தான் சொன்னேன்.

பதில் வந்தது. மனு டிப்போவுக்கே போய், அங்கிருந்து தபாலில் அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அவர் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் என்னிடம் எடுத்து வந்திருந்தார். ஆனாலும் நான் ஒரு தடவை சத்தமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டார்.

படித்தேன். மனுதாரரின் கோரிக்கை ஏற்கெனவே முழுமையாக நிறைவேற்றப்பட்டு, அதற்கு ஊர்ப் பொதுமக்கள் நெஞ்சார்ந்த நன்றியைக் கடிதம் மூலம் தெரிவித்துள்ள நிலையில், இம்மனு முடிக்கப்படுகிறது எனத் தெரிவிக்கப்படுகிறது.

நான் அடித்த வரி. அதே சொற்கள். நெஞ்சார்ந்த என்பதைக்கூட விடவில்லை.

வெளியே யாரோ ஆதார் கார்டு ஜெராக்ஸ் கேட்டார்கள். எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் தாளை மடிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபப்படத் தெம்பு இல்லை. தோட்டத்தில் விடியற்காலையிலிருந்து வெற்றிலை கிள்ளிவிட்டு வந்திருந்தார்.

"அன்னிக்கு ஓடுன பஸ்ஸுக்குத்தானுங்க அந்த நன்றி," என்றார் மெதுவாக. "இன்னிக்கு ஓடாததுக்கு எப்படிங்க அது ஆகும்?"

மறுபடி மறியல் என்று எழுதலாமா என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு விருப்பமில்லை. பரீட்சை நேரத்தில் போலீஸ் வீட்டுக்கு வருவதை மகள் பார்க்க வேண்டாம் என்றார். பணிவுடன் கேட்டுக்கொள்வதிலும் அர்த்தமில்லை, இரண்டு தடவை கேட்டாயிற்று. எனக்கும் உண்மையில் எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கேள்வியை மற்றவர்கள்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு எழுதாமல் அவரை அனுப்பிவிட்டேன். நாளைக்கு வாருங்கள் என்றேன். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், சமையல் செய்யப் பிடிக்காமல் இருந்த மாவைக்கொண்டு தோசை ஊற்றினேன். வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் சர்க்கரை ஆலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய மாதிரி ஒன்றைக் கேளு, செய்யுங்கள் என்று கேட்காதே என்றார். அப்புறம் சட்னியில் உப்பு இல்லை என்றார்.

மறுநாள் நானும் அந்த அம்மாவும் சேர்ந்து அந்தக் கடிதத்தை எழுதினோம். முந்தைய கடிதங்களைக் குறிக்கும் பார்வை என்ற இடத்தில் பேச்சுவார்த்தையில் கையெழுத்தான ஒப்பந்தத்தை முதலாவதாகவும், எங்கள் நன்றிக் கடிதத்தை இரண்டாவதாகவும், டிப்போவின் பதிலை மூன்றாவதாகவும் போட்டேன். மறைக்க ஒன்றுமில்லை. உள்ளே அவர் சொன்னதையே எழுத்து நடைக்கு மாற்றி அடித்தேன்: "பார்வை இரண்டில் கண்ட நன்றி, அன்று ஓடிய பேருந்துக்கானது. தற்போது அப்பேருந்து ஓடவில்லை." முடிவில், பேருந்து எந்தத் தேதியிலிருந்து நிறுத்தப்பட்டது, யாருடைய உத்தரவின் பேரில் நிறுத்தப்பட்டது, எந்தத் தேதியிலிருந்து மீண்டும் இயக்கப்படும் என்ற விவரங்களை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று நிறுத்தினேன். பணிவு இல்லை, மிரட்டல் இல்லை. நகல் வட்டாட்சியருக்கு மட்டும், ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது.

இப்படிக்கு என்று வந்ததும் அவர் ஊர்ப் பொதுமக்கள் வேண்டாம் என்றார். ஊர் என்றால் யாரும் இல்லை என்கிற மாதிரி ஆகிவிடுகிறது என்றார். பேருந்தில் போய்வந்த பெண்கள் என்று போடச் சொன்னார். போட்டேன். எழுதத் தெரிந்தவர்கள் முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு வைத்தவர்களுக்கு எதிரே நான் பெயர் அடித்துக் கொடுத்தேன்.

பதில் கடிதம் வரவே இல்லை. ஆனால் சில நாட்களில் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து டிப்போவுக்குப் போன் போயிருக்கிறது, ஒப்பந்தத்தில் வட்டாட்சியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அது என்ன ஆயிற்று என்று. எழுத்தில் காரணம் சொல்வதைவிட வண்டியை அனுப்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது போலும். பஸ் வந்தது. முன்பு வந்த நேரத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி. ரயிலுக்குப் போகிறவர்களுக்கு அது உதவவில்லை, அவர்கள் பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும்தான் போகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சரியாக இருந்தது. அந்த அம்மாவின் மகள் பொதுத்தேர்வு எல்லாவற்றையும் அந்த பஸ்ஸில் போய்த்தான் எழுதினாள். இப்போது சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள்.

கண்காணிப்பாளர் மறுபடி வந்து நன்றிக் கடிதம் கேட்டாராம். ஊரில் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார்கள். கொடுக்காவிட்டால் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவார்கள் என்று சிலர், கொடுத்தால் மறுபடி அதையே காட்டி நிறுத்திவிடுவார்கள் என்று சிலர். அந்த அம்மா என்னிடம் வந்து கேட்டார். கொடுப்பதானால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓடியதோ அந்த நாட்களுக்கு மட்டும் நன்றி என்று எழுதலாம் என்று சொன்னேன். அப்படி யாராவது நன்றி சொல்வார்களா என்றார். சொல்லமாட்டார்கள்தான்.

கடைசியில் எழுதவில்லை. கண்காணிப்பாளரிடம், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எல்லாரும் தோட்டத்து வேலையில் இருக்கிறார்கள், ஆகட்டும் என்று சொல்லியே நாளைத் தள்ளிவிட்டார்கள். அவரும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டார்.

போன மாதம் சந்தை நாளில் அந்த அம்மா கடைப்பக்கம் வந்தார். மகளின் கல்லூரிக்கு ஏதோ சான்றிதழ் நகல் வேண்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். டீ வாங்கிவரச் சொல்லி இருவரும் குடித்தோம். பஸ் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது, வாரத்தில் ஒருநாள் வராது, அதற்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்றார். எனக்கும் அதையே சொல்லத் தோன்றியது.

அன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவரிடம் போய், நீங்க நேரத்துக்கு வந்ததாலதான் எம்பொண்ணு பரீட்சை எழுதுனா, ரொம்ப நன்றிங்க என்று சொன்னாராம். இத்தனை நாளாகச் சொல்லாமலே இருந்துவிட்டோமே என்று தோன்றியதாம். அந்த மனிதர் கூச்சப்பட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு வேற ரூட்டுங்க, இனிமே யார் வருவாங்கன்னு தெரியலைங்க," என்றிருக்கிறார்.

அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். வெயில் ஏறிவிட்டது, தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். நான் அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன்.